தள்ளு, கழிவு, கட்ட வேண்டியது

நவம்பர் ஐந்தாம் தேதி மாலை எங்கள் தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் இரண்டாவது மாத ஏலம் நடந்தது. ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். சீட்டு நடத்தும் அக்கா தையல் கடை வைத்திருப்பவர். முதல் மாதச் சீட்டை ஏலம் இல்லாமல் அவரே எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாதம் ஏலம் தொடங்கியதும் ஒருவர் இருபதாயிரம் தள்ளினார், இன்னொருவர் இருபத்தைந்து, அடுத்தவர் முப்பது. இரண்டு நிமிடத்தில் மூன்று பேர் நாற்பதாயிரத்தில் வந்து நின்றார்கள். அதற்கு மேல் தள்ளக் கூடாது என்பது அக்காவின் விதி. மூன்று பேரின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தார். புடவை வாங்கி விற்கும் ஒரு பெண்ணுக்கு விழுந்தது.

பிறகு அக்கா எல்லோரையும் பார்த்து, "இந்த மாசம் மூவாயிரத்து இருநூத்தம்பது கட்டினாப் போதும்" என்றார். நான் மூவாயிரம் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். 40,000 ரூபாயை இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,000, ஆகவே 5,000-இல் மீதி 3,000 என்பது என் கணக்கு. அக்கா பணத்தை எண்ணிவிட்டு, "இருநூத்தம்பது குறையுதுங்களே, என் கமிஷன் அஞ்சாயிரத்தை மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். அன்று இரவே ஒரு கோடு போட்ட நோட்டில் இருபது வரிகளுக்குக் கட்டம் போட்டேன். இருபது மாதமும் எழுதினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டைப் பற்றியது.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். ஏலத்தில் ஒருவர் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும் தொகை தள்ளு. தள்ளியது போக அவர் கைக்கு வருவது சீட்டுப் பணம். தள்ளிலிருந்து நடத்துபவரின் கமிஷனைக் கழித்துவிட்டு மீதியை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் வருவதை எங்கள் தெருவில் கழிவு என்போம். கம்பெனிச் சீட்டில் டிவிடெண்டு என்பார்கள், சில ஊர்களில் லாபம் என்பார்கள், கசர் என்று சொல்வோரும் உண்டு. மாதத் தவணையில் கழிவு போக மிஞ்சுவதுதான் அந்த மாதம் கட்ட வேண்டியது.

நவம்பர் மாதத்தை இந்தச் சொற்களில் எழுதிப் பார்க்கலாம். தள்ளு 40,000. அதில் சீட்டுத் தொகையின் 5 சதவீதமான 5,000 ரூபாய் அக்காவின் கமிஷன். மீதி 35,000. இருபதால் வகுத்தால் கழிவு 1,750. தவணை 5,000-இல் அது போக 3,250. இருபது பேரும் ஆளுக்கு 3,250 கட்டினால் சேர்வது 65,000. அதில் 60,000 புடவைக்காரப் பெண்ணுக்கு, 5,000 அக்காவுக்கு. ஒரு ரூபாய் மிச்சமில்லை, ஒரு ரூபாய் குறையவில்லை. சீட்டு எடுத்தவரும் மற்றவர்களைப் போலவே 3,250 கட்டுகிறார், மற்றவர்களைப் போலவே கழிவும் பெறுகிறார் என்பதைக் கவனியுங்கள். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எங்கள் சீட்டின் இருபது மாதக் கணக்கு முழுவதும் கீழே இருக்கிறது. அக்டோபரில் தொடங்கி அதற்கடுத்த ஆண்டைத் தாண்டி, மறு ஆண்டு மே மாதம் முடிந்தது.

| மாதம் | தள்ளு | கழிவு | கட்ட வேண்டியது | எடுத்தவர் கைக்கு |
|---|---|---|---|---|
| 1 அக்டோபர் | இல்லை | இல்லை | 5,000 | 1,00,000 |
| 2 நவம்பர் | 40,000 | 1,750 | 3,250 | 60,000 |
| 3 டிசம்பர் | 40,000 | 1,750 | 3,250 | 60,000 |
| 4 ஜனவரி | 38,000 | 1,650 | 3,350 | 62,000 |
| 5 பிப்ரவரி | 36,000 | 1,550 | 3,450 | 64,000 |
| 6 மார்ச் | 33,000 | 1,400 | 3,600 | 67,000 |
| 7 ஏப்ரல் | 31,000 | 1,300 | 3,700 | 69,000 |
| 8 மே | 29,000 | 1,200 | 3,800 | 71,000 |
| 9 ஜூன் | 30,000 | 1,250 | 3,750 | 70,000 |
| 10 ஜூலை | 26,000 | 1,050 | 3,950 | 74,000 |
| 11 ஆகஸ்ட் | 24,000 | 950 | 4,050 | 76,000 |
| 12 செப்டம்பர் | 22,000 | 850 | 4,150 | 78,000 |
| 13 அக்டோபர் | 20,000 | 750 | 4,250 | 80,000 |
| 14 நவம்பர் | 18,000 | 650 | 4,350 | 82,000 |
| 15 டிசம்பர் | 17,000 | 600 | 4,400 | 83,000 |
| 16 ஜனவரி | 15,000 | 500 | 4,500 | 85,000 |
| 17 பிப்ரவரி | 12,000 | 350 | 4,650 | 88,000 |
| 18 மார்ச் | 10,000 | 250 | 4,750 | 90,000 |
| 19 ஏப்ரல் | 8,000 | 150 | 4,850 | 92,000 |
| 20 மே | 5,000 | 0 | 5,000 | 95,000 |

தள்ளு மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வருகிறது, ஜூனில் மட்டும் சற்றே ஏறுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. ஒரே நேரத்தில் பலருக்குப் பணம் தேவைப்பட்டது. கடைசி மாதம் போட்டியிட ஆளில்லை. மிஞ்சிய ஒருவர் கமிஷனை மட்டும் விட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறார்.

இருபது மாதக் கழிவையும் கூட்டினால் ஆளுக்கு 17,950. அதாவது சீட்டுக்காரர் ஒவ்வொருவரும் ஒரு லட்சம் கட்டவில்லை, 82,050 தான் கட்டியிருக்கிறார். எந்த மாதம் எடுத்தவரானாலும் கட்டிய மொத்தம் இதேதான். நோட்டில் நான் பலமுறை கோடிட்டு வைத்திருக்கும் எண் இது. ஏன் என்று பிறகு வருகிறேன்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். இருபது பேர் கட்டிய மொத்தம் 16,41,000. இருபது பேர் கைக்குப் போன மொத்தம் 15,46,000. வித்தியாசம் 95,000. ஐயாயிரம் வீதம் பத்தொன்பது மாதக் கமிஷன் அது. உள்ளே வந்த பணம், வெளியே போன பணம், கமிஷன் ஆகிய மூன்றும் இப்படி நேராக வந்தால் நோட்டில் பிழையில்லை. வராவிட்டால் எந்த இடத்தில் தவறு என்பதை வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். நான் நவம்பரில் குறைத்துக் கொடுத்த 250-ஐ இருபதால் பெருக்குங்கள், 5,000 வரும். ஆகவே விட்டுப்போனது கமிஷன். வித்தியாசம் ஆளுக்கு ஏழு எட்டு ரூபாயாக இருந்தால் அது சில்லறைப் பிரச்சினை. உதாரணமாகத் தள்ளு 32,750 என்றால் கழிவு 1,387 ரூபாய் 50 காசு. "1,380 வைச்சுக்கலாம்" என்று முடிவு செய்தால் அந்த மாதம் 150 ரூபாய் நடத்துபவரிடம் தங்கும். அது தவறில்லை, ஆனால் எங்கே தங்குகிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

நோட்டுக்குப் பதில் கைபேசியில் கணக்குத் தாள் போட விரும்புபவர்களுக்கு ஒரு சிறு வழி. முதல் வரியில் தலைப்புகள். K1 கட்டத்தில் சீட்டுத் தொகை 100000, K2-இல் ஆட்கள் 20, K3-இல் கமிஷன் 0.05 என்று எழுதிக்கொள்ளுங்கள். A மாதம், B தள்ளு, C கமிஷன், D கழிவு, E கட்ட வேண்டியது, F எடுத்தவர் கைக்கு. G-யும் H-உம் எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன். முதல் மாதத்துக்கு B2, C2 இரண்டிலும் 0 போடுங்கள். மூன்றாம் வரியிலிருந்து சூத்திரம் இப்படி:

```
C3  =$K$1*$K$3
D3  =ROUNDDOWN((B3-C3)/$K$2,0)
E3  =$K$1/$K$2-D3
F3  =$K$1-B3
G3  =SUM(E$2:E3)
H3  =F3-G3
```

D முதல் H வரை இரண்டாம் வரியிலும் இதே சூத்திரங்களை ஒட்டிக்கொள்ளலாம். மாதாமாதம் நாம் கையால் எழுத வேண்டியது தள்ளு ஒன்றைத்தான், மற்றவை தாமே வரும். சோதனைக்கு ஏதாவது ஓரக் கட்டத்தில் இது:

```
=SUM(E2:E21)*K2-SUM(F2:F21)-SUM(C2:C21)
```

சீட்டு முடியும்போது பூஜ்ஜியம் வர வேண்டும், அல்லது விட்டுப்போன சில்லறை மட்டும் வர வேண்டும்.

இனி G, H இரண்டுக்கும் வருகிறேன். நான் சீட்டு எடுத்தது பத்தாம் மாதம், ஜூலையில். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தது. 26,000 தள்ளி 74,000 வாங்கினேன். நவம்பரில் எடுத்த பெண் நாற்பதாயிரத்தை விட்டுக்கொடுத்தாரே, நாம் இருபத்தாறோடு தப்பித்தோம் என்றுதான் அன்று நினைத்தேன். சீட்டு போடுகிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். தள்ளு குறைந்தால் செலவும் குறைவு என்பது பார்த்தவுடன் தோன்றுகிற நியாயம்.

அது சரியில்லை என்பதை H பத்திதான் காட்டியது. ஜூலை வரை, அந்த மாதத் தவணையையும் சேர்த்து, நான் கட்டியிருந்தது 37,100. ஆகவே கைக்கு வந்த 74,000-இல் பாதி என் பணமேதான். மற்றவர்களிடமிருந்து நான் உண்மையில் கடனாகப் பெற்றது 36,900 மட்டும். அந்தக் கடனுக்கு அடுத்த பத்து மாதங்களில் நான் கட்டியது 44,950. கூடுதலாகப் போனது 8,050. கட்டியது 82,050, பெற்றது 74,000 என்று நேரே கழித்தாலும் இதே 8,050 வரும்.

இப்போது புடவைக்காரப் பெண்ணைப் பாருங்கள். அவர் கைக்கு வந்தது 60,000. அதில் அவர் அதுவரை கட்டியது 8,250 தான். உண்மைக் கடன் 51,750. அடுத்த பதினெட்டு மாதங்களில் கட்டியது 73,800. கூடுதல் 22,050. தொகையைப் பார்த்தால் என்னைவிட அவர் இரண்டரை மடங்குக்கு மேல் இழந்திருக்கிறார். ஆனால் அவர் வாங்கிய கடன் பெரியது, வைத்திருந்த காலமும் நீளமானது. மாத வட்டியாக்கிப் பார்த்தால் அவருக்கு நூற்றுக்கு 3 ரூபாய் 74 காசு, எனக்கு 3 ரூபாய் 63 காசு. எட்டு மாதம் பொறுத்திருந்து எடுத்ததில் வட்டியில் எனக்குக் கிடைத்த சகாயம் 11 காசு! நான் முன்கூட்டிக் கட்டிய பணத்துக்கு வட்டி எதுவும் போடாமல் பார்த்த கணக்கு இது. போட்டிருந்தால் என் நிலை இன்னும் மோசமாகத்தான் தெரியும். வங்கியில் நகையை வைத்திருந்தால் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

இந்த வட்டியைக் கணக்கிடுவது கடினமில்லை. ஒரு பத்தியில் முதல் கட்டத்தில் உண்மைக் கடன் 36900 என்றும், அதன் கீழே அடுத்தடுத்த தவணைகளைக் கழித்தல் குறியோடு -4050, -4150 என்று -5000 வரைக்கும் எழுதி, `=IRR(M2:M12)` என்று கேட்டால் மாத வட்டி வந்துவிடும்.

என்னை இன்னும் வருத்தியது பன்னிரண்டாம் மாதத்தின் கணக்கு. செப்டம்பரில் எடுத்தவர் 22,000 தள்ளினார். எனக்கும் அவருக்கும் தள்ளில் 4,000 தான் வித்தியாசம். ஆனால் அவருக்குக் கூடுதலாகப் போனது 4,050, அதாவது என்னுடையதில் பாதி. மாத வட்டி 2 ரூபாய் 60 காசு. நவம்பரிலிருந்து ஜூலை வரை எட்டு மாதத்தில் 11 காசு மட்டுமே இறங்கிய வட்டி, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் ஒரு ரூபாய் இறங்கிவிட்டது. சீட்டின் நடுப்பகுதியில் ஓரிரு மாதம் பொறுப்பது எவ்வளவு பெறும் என்பதைத் தள்ளுப் பத்தி காட்டாது, உண்மைக் கடன் பத்திதான் காட்டும். இரண்டு மாதக் கைமாற்று யாரிடமாவது கிடைத்திருந்தால் நான் செப்டம்பர் வரை நின்றிருப்பேன்.

82,050 என்ற எண்ணுக்கு நான் ஏன் கோடிட்டேன் என்பது இப்போது புரியும். கைக்கு வருகிற பணம் அதைவிடக் குறைவாக இருக்கும் வரை எடுப்பவர் கடன்காரர், கூடுதலாக வரத் தொடங்கினால் சேமிப்பவர். எங்கள் சீட்டில் பதினான்காம் மாதம் எடுத்தவர் பெற்றது 82,000. ஐம்பது ரூபாய்தான் குறை. அந்த வரிதான் எல்லை. அதற்குக் கீழே இருக்கிற ஆறு பேரும் கட்டியதைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள். கடைசி மாதம் எடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் 82,050 கட்டி 95,000 வாங்கினார். லாபம் 12,950. மாதத்துக்கு நூற்றுக்கு 1 ரூபாய் 60 காசு, ஆண்டுக்கு ஏறக்குறைய 19 சதவீதம். வங்கித் தொடர் வைப்பில் கிடைப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல். அவருக்குப் போன லாபம் புடவைக்காரப் பெண்ணும் நானும் எங்களுக்கு முன்னும் பின்னும் எடுத்தவர்களும் கொடுத்த வட்டி. அதில் கமிஷனாக அக்காவுக்குப் போனது ஆளுக்கு 4,750.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. 82,050 என்ற மொத்தம் சீட்டு முடிந்த பிறகுதான் தெரியும். ஜூலை ஏலத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கையில் இருந்தவை ஒன்பது வரிகள் மட்டுமே. இனி வரும் பத்து மாதமும் கழிவே இல்லாமல் முழு 5,000 கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் 36,900-க்கு 50,000 கட்ட வேண்டும். அதுதான் நேரக்கூடிய உச்சச் செலவு. உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை ஊகிக்க ஒரே வழி, அதே நடத்துபவர் அதே தொகைக்கு முன்பு நடத்தி முடித்த சீட்டின் ஏலக் கணக்கு. தெருவும் ஆட்களும் பெரிதாக மாறாத இடத்தில் தள்ளு இறங்குகிற விதமும் பெரிதாக மாறுவதில்லை. சீட்டில் சேரும்போதே "போன சீட்டு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க அக்கா" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் தந்திருப்பார்.

மற்ற சீட்டுகளில் இதே கட்டத்தை அப்படியே போட்டால் ஒத்துவராமல் போகலாம். மூன்று இடங்களில் விதி மாறும். சில சீட்டுகளில் இந்த மாத ஏலத்தின் கழிவை அடுத்த மாதத் தவணையில்தான் கழிப்பார்கள். அப்படியானால் உங்கள் தாள் அவர்களுடைய பாஸ் புத்தகத்தைவிடச் சரியாக ஒரு வரி முன்னே நிற்கும். தொகைகள் எல்லாம் சரியாக இருந்தும் மாதம் மட்டும் இடறினால் காரணம் இதுதான். சில இடங்களில் அந்த மாதம் சீட்டு எடுத்தவருக்குக் கழிவு கிடையாது. அப்போது இருபதால் வகுக்காமல் பத்தொன்பதால் வகுப்பார்கள். 35,000-ஐப் பத்தொன்பதால் வகுத்தால் 1,842 ரூபாய் சொச்சம் வரும். இன்னும் சிலர் ஏற்கெனவே எடுத்தவர்கள் யாருக்குமே கழிவு தராமல் எடுக்காதவர்களுக்கு மட்டும் பங்கிடுவார்கள். அந்தச் சீட்டில் முதலில் எடுப்பவர் கொடுக்கும் விலை நான் மேலே சொன்னதைவிட மிக அதிகம். எந்த விதி என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

தவணை தவறினால் கழிவு கிடையாது என்பது பெரும்பாலான சீட்டுகளில் இருக்கும் விதி. நவம்பரில் பதினைந்து நாள் தாமதித்தவர் 3,250-க்குப் பதில் முழு 5,000 கட்ட வேண்டும். அவர் இழந்த 1,750 யாருக்குப் போகிறது, நடத்துபவருக்கா மற்றவர்களுக்கா என்பதையும் கேட்டு எழுதுங்கள். மேலே சொன்ன சோதனைக் கணக்கு இடறுகிற இடங்களில் இதுவும் ஒன்று.

பதிவுபெற்ற கம்பெனிச் சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் பொருந்தும். 40 சதவீதத்துக்கு மேல் தள்ளக் கூடாது என்பதும், பலர் உச்சத் தள்ளில் நின்றால் குலுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்காவின் திண்ணை விதி அங்கிருந்து வந்ததுதான். நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பு முன்பு 5 சதவீதமாக இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது அதை 7 ஆக்கினார்கள். டிவிடெண்டு என்ற சொல்லை நீக்கித் தள்ளுபடியில் பங்கு என்று மாற்றியதும் அப்போதுதான். சொல் மாறியதில் நமக்கு ஒன்றுமில்லை, 7 சதவீதத்தில்தான் இருக்கிறது. அதே 40,000 தள்ளில் கமிஷன் 7,000 என்றால் கழிவு 1,750-க்குப் பதில் 1,650 ஆகும். மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் கூடுதல். கமிஷன் மேல் 2022 ஜூலையிலிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, 7,000-க்கு 1,260. அந்தத் தொகை சீட்டு எடுப்பவர் தலையில் விழுகிறதா, எல்லோருக்கும் பங்காகிறதா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, தாளில் அதற்கென ஒரு பத்தி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செலவுக்குப் பதிலாகப் பதிவுச் சீட்டில் சில காவல்கள் கிடைக்கின்றன. நடத்துபவர் சீட்டைத் தொடங்கும் முன் ஈட்டுப் பணம் வைக்க வேண்டும். ஏல நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். எங்கள் அக்காவின் சீட்டில் இதில் எதுவும் இல்லை. இருபது பேருக்கும் அவர் முகம்தான் ஜாமீன். யாராவது ஒரு மாதம் கட்டாவிட்டால் அவரே தன் கையிலிருந்து போடுகிறார், அவர் வாங்கும் கமிஷனின் நியாயம் அதில்தான் இருக்கிறது. அவராலும் போட முடியாமல் போனால் கேட்க எங்களுக்குப் பதிவாளர் இல்லை.

ஆகவே அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் லாபத்தைப் பார்க்கிறவர்கள் அவருடைய G பத்தியையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாத முடிவில் அவர் கட்டியிருந்தது 77,050. ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை. சீட்டு நின்றுபோனால் அதிகம் இழப்பவர் கடைசிவரை பொறுத்திருந்தவரே.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சீட்டில் எனக்கு அது நேர்ந்தது. அங்கே நான் தள்ளையும் கழிவையும் ஒழுங்காக எழுதினேன். கணக்கு மாதாமாதம் சரியாகத்தான் இருந்தது, அதில் எந்த எச்சரிக்கையும் இல்லை. எழுதாமல் விட்டது தேதியை. ஏலம் முடிந்த ஒரு வாரத்தில் சீட்டுப் பணம் கொடுத்துவந்தவர் பிறகு பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார், அப்புறம் மூன்று வாரம், அப்புறம் அடுத்த மாதத் தவணை வசூலான பிறகு கொடுத்தார். அதாவது அந்த மாதம் வந்த பணம் முந்தைய மாதக் கடனை அடைக்கப் போய்க்கொண்டிருந்தது. பதினான்காம் மாதத்தோடு சீட்டு நின்றது. பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. தொடக்கத்தில் முழு நாற்பது சதவீதம் தள்ளி எடுத்தவர்களில் இரண்டு பேரை எங்களில் யாருமே நேரில் பார்த்ததில்லை. அந்தப் பெயர்களுக்கான தவணையை நடத்துபவரே போட்டுவந்திருக்கிறார், போட முடிந்தவரை.

அதனால் இந்தச் சீட்டின் நோட்டில் நான் இரண்டு பத்திகள் கூடுதலாகப் போட்டேன்: எடுத்தவர் யார், பணம் அவர் கைக்குப் போன தேதி. அக்கா ஐந்தாம் தேதி ஏலம் வைப்பார், பத்துக்குள் வசூல், பன்னிரண்டுக்குள் பட்டுவாடா. இருபது மாதத்தில் ஒரே ஒரு முறை, மார்ச்சில், பதினேழாம் தேதி ஆனது. அன்று காரணம் கேட்டேன். இரண்டு பேர் தவணை தாமதம் என்று பெயரோடு சொன்னார். அவர்கள் இருவரும் என் எதிர் வீட்டுக்காரர்கள், எனக்கும் தெரிந்த விஷயம்தான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மே மாதம் கடைசிச் சீட்டை ஆசிரியர் வாங்கிய மாலை, அடுத்த சீட்டுக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் திண்ணையிலேயே இருந்தோம். நான் நோட்டை அக்காவிடம் நீட்டினேன். கடைசிப் பத்தியைப் பார்த்துவிட்டு, "இதையும் எழுதினீங்களா" என்று கேட்டார். பிறகு தன் பழைய நோட்டில் அடுத்த சீட்டுக்குக் கோடு போடத் தொடங்கினார். வழக்கமாக நான்கு பத்திகள்தான் போடுவார். இந்த முறை ஐந்தாவதாக ஒன்றை இழுத்து, மேலே "பணம் கொடுத்த தேதி" என்று எழுதினார்.